ஒன்பது வரியில் ஒரு குடும்பம்

தென்காசி காசி விஸ்வநாதர் கோவிலின் ராஜகோபுரம் தெரியும் தெரு ஒன்றில் அந்த விளம்பர ஏஜென்சி இருக்கிறது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரோரம் பழைய நாளிதழ்க் கட்டுகள், அவ்வளவுதான். கடையை நடத்துபவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வீடு விற்பனை, வாடகை, ஆட்கள் தேவை என்று வரி விளம்பரங்கள் பலவும் இங்கே வரும். நான் போனது துக்க அறிவிப்பு எழுதுவதைப் பார்ப்பதற்காக.

படத்தோடு கட்டம் கட்டி வரும் அஞ்சலிக்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கு. படமில்லாமல் எழுத்து மட்டும் போட்டால் வரிக் கணக்கு. மேற்கே மலையைத் தாண்டினால் நிலைமையே வேறு. மலையாள நாளிதழ்களில் சரமப் பக்கம் என்று தனியாக உண்டு, உள்ளூர்க்காரர் இறந்ததைச் செய்தியாகவே போட்டுவிடுவார்கள். பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்த ஊர்தான். ஆனாலும் இந்தப் பக்கத்தில் சாதாரணக் குடும்பம் ஒன்று துக்கத்தைப் பேப்பரில் சொல்ல நினைத்தால் வரிக்குக் காசு கொடுத்துத்தான் சொல்ல வேண்டும்.

அன்று திங்கட்கிழமை, 15ஆம் தேதி. பிற்பகலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்தார். மூத்த மகன். முகம் வீங்கியிருந்தது. "இரிங்க தம்பி, முதல்ல தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி தாளை வாங்கினார். அதில் இருந்ததைப் பெயர்களையும் தெருவையும் மாற்றி இங்கே தருகிறேன்.

"தென்காசி மாவட்டம், மேலகரம், பிள்ளையார் கோவில் தெருவில் வசித்து வந்தவரும், காலஞ்சென்ற சங்கரலிங்கம், பேச்சியம்மாள் தம்பதியரின் அன்பு மகனும், கோமதியின் பாசமிகு கணவரும், கணேசன், குமார் ஆகியோரின் அன்புத் தந்தையும், சாந்தி, உமா ஆகியோரின் மாமனாரும், இலஞ்சி பரமசிவனின் மைத்துனருமான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரு. ச. ஆறுமுகம் அவர்கள் (வயது 64) நேற்று மாலை 4 மணியளவில் இயற்கை எய்தினார் என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரது இறுதி ஊர்வலம் நாளை காலை 11 மணியளவில் அவரது இல்லத்திலிருந்து புறப்படும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, துயரத்தில் வாடும் குடும்பத்தினர்."

நாளிதழ்ப் பத்தியின் அகலத்தில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 20 எழுத்து பிடிக்கும். இதை அப்படியே அடித்தால் 18 வரி வரும். அண்ணாச்சி பேனாவை எடுக்கவில்லை. முதலில் கேள்விகள்தான் கேட்டார்.

"ஆச்சி இருக்காங்களா தம்பி?"

"இருக்காங்க அண்ணாச்சி. தாத்தாதான் போயிட்டாங்க."

அவர் கேட்டதன் காரணம் எனக்குச் சற்றுக் கழித்தே விளங்கியது. "காலஞ்சென்ற சங்கரலிங்கம், பேச்சியம்மாள்" என்று எழுதினால் காலஞ்சென்றவர் ஒருவரா இருவரா? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. மகனைப் பறிகொடுத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாயைப் பேப்பர் இறந்தவராக்கிவிடும். இரண்டு பெயரையும் பிரித்து விளக்கி எழுத இன்னொரு வரி ஆகும். வரி கூடாமல் தீர்க்க அண்ணாச்சியிடம் ஒரு வழி இருக்கிறது. உயிரோடு இருப்பவரை முன்னால் வைத்து, இறந்தவரைக் கடைசியில் வைப்பார். "தாய் பேச்சியம்மாள், தந்தை காலஞ்சென்ற சங்கரலிங்கம்." அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரே பெயர்தான் நிற்கிறது, வேறு யார் மீதும் அது பரவாது. துக்க அறிவிப்பு எழுதுகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனையோ அறிவிப்புகளில் இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி, "எதுக்குத் தம்பி நாளைக்கு 11 மணி?" தம்பி குமார் சென்னையில் இருக்கிறார். இன்று இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி நாளைக் காலை தென்காசியில் இறங்குகிறார். அதுவரை உடல் ஃப்ரீசர் பெட்டியில். நேரம் மாறாது என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் அண்ணாச்சி "நேற்று", "நாளை" இரண்டையும் அடித்தார். இந்தத் தாள் எழுதப்பட்டது திங்கட்கிழமை. பேப்பர் கைக்கு வருவது செவ்வாய்க்கிழமை காலை. அப்போது படிப்பவருக்கு "நேற்று" என்றால் திங்கள், "நாளை" என்றால் புதன். சங்கரன்கோவிலில் இருக்கும் ஒரு பழைய மாணவர் புதன்கிழமை மாலையோடு வந்து நிற்பார், வீட்டில் காரியம் முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும். அதனால் எப்போதும் தேதி, வர வேண்டிய நாளுக்கு அடைப்புக்குள் கிழமையும். தேதியில் ஒரு எண் தப்பினாலும் கிழமை காப்பாற்றும் என்பதால் இரண்டையும் வைத்திருக்கிறார்.

பிறகுதான் வெட்டு. மகன் கொண்டுவந்த வாசகத்தின் நீளம் பெயர்களால் வந்ததல்ல. "மகனும், கணவரும், தந்தையும், மாமனாருமான" என்று கோத்துப் போகும் கட்டுமானத்தால் வந்தது. யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்கள் இன்றும் அந்தக் கட்டிலேயே நிற்கின்றன. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் என்று தொடர்ந்து "ஆவார்" என்று முடியும். படிக்க நிறைவாக இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு உறவுக்கும் "இன்", "ஆகியோரின்", "உம்" என்று ஒட்டுகள் சேரும். அண்ணாச்சி அதைத் திருப்பிப் போடுகிறார். இறந்தவரை முதலில் சொல்லி முடித்துவிட்டு, "மனைவி கோமதி. மகன்கள் கணேசன், குமார்" என்று உறவைத் தலையிலும் பெயரைப் பின்னாலும் வைக்கிறார். ஒட்டுகள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன, ஒரு பெயர்கூடக் குறையவில்லை. மருமகள்களின் பெயரும் மகன்களின் வரிசைப்படியே வருவதால் யாருக்கு யார் என்பதும் தெரிகிறது.

"அன்பு", "பாசமிகு" போனதில் மகனுக்கு வருத்தமில்லை. "அவர்கள்" போனதுதான் உறுத்தியது. "அப்பா பேருக்குப் பின்னால ஒண்ணுமே இல்லாம எப்படி அண்ணாச்சி?" அண்ணாச்சி வரியைக் காட்டிப் படித்தார். "ஆறுமுகம் காலமானார். 'ஆர்'னு முடிச்சிருக்கோம்லா? அதுல மரியாதை இருக்கு தம்பி. முன்னால தலைமையாசிரியர்னு இருக்கு. இதுக்கு மேல அப்பாவுக்கு என்ன வேணும்?" மகன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தலையாட்டினார். அவரே காசைக் குறைக்க ஒரு யோசனையும் சொன்னார், மைத்துனர் பெயரை எடுத்துவிடலாமே என்று. அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. அந்த இலஞ்சிக்காரர் அம்மாவின் உடன்பிறந்தவர், இந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். சடங்கில் முன்னால் நிற்க வேண்டிய ஆள். அவர் பெயர் விட்டுப்போனால் அந்தக் குறை வருஷக்கணக்கில் இரு வீட்டுக்கும் நடுவே நிற்கும். வரிக்காசுக்காகப் பெயரை வெட்டுவதில்லை என்பதில் அவர் கறாராக இருப்பது எனக்குப் பிடித்தது.

கம்ப்யூட்டரில் அடித்ததும் 10 வரி வந்தது. செல்போன் எண்ணுக்கு முந்திய வரியில் நாலைந்து எழுத்துகள்தான் தொங்கின. வரிக் கணக்கில் அதுவும் ஒரு முழு வரி. இந்த இடத்தில் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம் என்று தோன்றும், அது அப்படியல்ல. எந்த வரியின் கடைசியில் இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து அதற்கு மேலே வெட்ட வேண்டும். அண்ணாச்சி "மணிக்கு" என்பதை "மணி" ஆக்கி, "புறப்படும்" என்பதை எடுத்தார். 9 வரியில் அடங்கியது.

"மேலகரம் பிள்ளையார் கோவில் தெரு ஓய்வு தலைமையாசிரியர் ச.ஆறுமுகம் (64) 14ம் தேதி மாலை காலமானார். மனைவி கோமதி. மகன்கள் கணேசன், குமார். மருமகள்கள் சாந்தி, உமா. தாய் பேச்சியம்மாள், தந்தை காலஞ்சென்ற சங்கரலிங்கம். மைத்துனர் இலஞ்சி பரமசிவன். இறுதி ஊர்வலம் 16ம் தேதி (செவ்வாய்) காலை 11 மணி, வீட்டிலிருந்து." கடைசியில் ஒரு செல்போன் எண்.

எழுத்தின் அகலம் பற்றி மேலும் கேட்க ஆசைப்பட்டேன். குற்றாலத்தில் ஒரு பெரியவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார் அண்ணாச்சி. அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர், இப்போது ஐந்தருவிக்குப் போகும் சாலையில் மகள் வீட்டில் இருக்கிறார். சாரல் பெய்துகொண்டிருந்தது. பெரியவர் நான் நீட்டிய வாசகத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தலைமையாசிரியர்ங்கிறது இப்ப அகலமாயிட்டு" என்றார். 1978க்கு முன்பு லை, ணை, னை, ளை எல்லாம் கொம்பு வளைத்த ஒற்றை எழுத்துகள். அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது அவை மற்ற எழுத்துகளைப் போலத் தனிக்கொம்பு பெற்றன, இடமும் கூடுதலாக எடுத்தன. வரிக்கு 20 எழுத்து என்பது ஒரு கைக்கணக்கு மட்டுமே. ர, ச போன்றவை ஒடுங்கி நிற்கும், "ணை", "கொ" மாதிரியானவை பரந்து கிடக்கும். அதனால் எண்ணிப் பார்த்து விலை சொல்லிவிட முடியாது, அடித்துப் பார்த்தே சொல்ல வேண்டும்.

பெயர் உடைவதைப் பற்றியும் அவர்தான் சொன்னார். கைக்கோப்பில் புள்ளி வைத்த எழுத்தை வரியின் தொடக்கத்தில் வரவிட மாட்டார்கள். கம்ப்யூட்டர் கவனிக்காமல் விட்டால் "சங்கரலி" மேலேயும் "ங்கம்" கீழேயுமாக உடைத்துவிடும். செல்போன் எண் இரண்டு வரியில் உடைந்தால் இன்னும் மோசம், பாதி எண்ணைத்தான் பலர் அழுத்துவார்கள். எண்ணைத் தனியே கடைசி வரியில் வைப்பது அதனால்தான்.

ஊர்ப் பெயர் ஏன் முதலில் வருகிறது என்று கேட்டேன். அங்கேயே கீழே டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்களைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். துக்கப் பத்திக்கு வந்ததும் விரல் ஊர்ப் பெயர்களில்தான் இறங்குகிறது. தன் ஊரோ சம்பந்தி ஊரோ இருந்தால் நிற்கிறது, பெயரைப் படிக்கிறது. ஆறுமுகங்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், மேலகரத்துத் தலைமையாசிரியர் ஆறுமுகம் ஒருவர்தான். நெல்லை பதிப்பில் மட்டும் போடும்போது "தென்காசி மாவட்டம்" தேவையில்லை. எல்லாப் பதிப்புக்கும் போகும் அறிவிப்பில் ஊர் குற்றாலமாக இருந்தால் தென்காசியை அவசியம் சேர்க்க வேண்டும். மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலம் இருக்கிறது.

மாலையில் ஏஜென்சிக்குத் திரும்பியபோது அண்ணாச்சி போனில் இருந்தார். நாளிதழுக்கு அனுப்புவதற்கு முன் வாசகத்தை வீட்டுக்குப் படித்துக்காட்டுவது அவர் வழக்கம். வீட்டில் போனை எடுப்பவர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் மருமகளைக் கூப்பிடச் சொல்லியிருந்தார். பெயர் பெயராக நிறுத்தி, போன் எண்ணை இரண்டு இரண்டு எண்ணாகப் படித்தார். இதில் பிழை போனால் மறுநாள் திருத்தம் போட்டு ஒரு பயனும் இல்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

படித்து முடித்ததும் ஒன்று கேட்டார். பதினாறாம் நாள் காரியத்தையும் இதிலேயே சேர்த்துவிட்டால் ஒரு வரிதான் கூடும், பிறகு தனியாக இன்னொரு அறிவிப்பு போட வேண்டாம். இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 29ஆம் தேதி, திங்கட்கிழமை. சில குடும்பங்களில் அப்படி எண்ணுவதில்லை, சில குடும்பங்களில் நாளையே முன்தள்ளி வைப்பார்கள். அந்தப் பக்கத்தில் பேச்சு நடந்தது, ஆச்சியிடம் கேட்டார்கள், இலஞ்சி மாமா வந்துதான் நாள் முடிவு செய்ய வேண்டும் என்று பதில் வந்தது.

"அப்ப வேண்டாம்மா. முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, தேதி போட்டே எழுதிக்கலாம்" என்றார் அண்ணாச்சி. 9 வரியை அப்படியே அனுப்பினார்.