பாட்டிலை வெட்டுங்கள், பிரதிபலிப்பை வெட்டாதீர்கள்

வெள்ளை அக்ரிலிக் மேசையில் மூன்று எண்ணெய் பாட்டில்கள். போட்டோஷாப்பில் பாட்டில்களை மட்டும் பென் டூலால் வெட்டுகிறேன். பிரதிபலிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். தனித்தனியாக வெட்டினால் விளிம்பு கத்தரித்த காகிதம் போலாகிவிடும். அதனால் மேசைப் பரப்பு முழுவதையும் ஒரே லேயராக பாட்டில்களுக்கு அடியில் வைத்து, Levels-இல் மேசையைத் தூய வெள்ளையாக்கி, Multiply கொடுப்பேன். வெள்ளை மறைந்து பிரதிபலிப்பு மட்டும் நிற்கும். கீழ்நோக்கி மங்க, மாஸ்க்கில் ஒரு கிரேடியன்ட்.

புதிய பின்னணி வெளிர் நிறமாக இருந்தால்தான் இது சரிவரும். கருப்பில் பிரதிபலிப்பு காணாமல் போகும்.

பிரதிபலிப்புக்காகப் பாட்டிலையே தலைகீழாகத் திருப்பி ஒட்டாதீர்கள். கேமரா சற்று மேலிருந்து பார்க்கும்போது மூடியின் மேற்பரப்பு தெரியும். உண்மையான பிரதிபலிப்பில் அது தெரியவே தெரியாது.