நாற்பத்தெட்டாயிரம் பேர் பார்த்த கூத்து

"கழிவு எவ்வளவு தம்பி?" என்று கேட்டார் மாஸ்டர்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். கொழுந்து நிறுக்கும்போது தராசு ஒரு எடை காட்டும், துண்டில் வேறு எடை விழும். கூடைக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு இரண்டு கிலோ என்று நடுவில் கழிந்துபோகும். எங்க வீடியோவை 48,000 பேர் பார்த்தார்கள், அவர்களுக்குச் சேர வேண்டிய பாதி 1,350 ரூபா என்று நாங்க சொன்னதும் மாஸ்டருக்குத் தராசுதான் ஞாபகம் வந்திருக்கிறது. எங்களிடம் பதில் இல்லை.

மாசி மாசம் பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்துக் காமன் கூத்தைப் படம் பிடித்தோம். கம்பம் ஊன்றினதிலிருந்து காமன் எரிகிற இரவு வரைக்கும் எடுத்து, 31 நிமிஷமாக வெட்டி யூடியூப்பில் போட்டோம். தப்படிக்கிறவர்கள், ரதி, மன்மதன் எல்லாரும் சேர்த்து 14 பேர். வருமானத்தில் பாதி அவர்களுக்கு என்று கோயில் முன்னாடி வாக்குக் கொடுத்திருந்தோம். அறுபது நாளில் 48,000 பார்வை, 9.10 டொலர். ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு என்று ஸ்டூடியோவில் RPM என்று ஒரு எண் வரும். எங்க மற்ற வீடியோக்களுக்கு அது 0.60 பக்கம் நிற்கும். இதற்கு 0.19.

அந்த எண்ணை வைத்து நாங்க ஒரு முடிவுக்கே வந்துவிட்டோம். கூத்துக்கு விளம்பரக்காரர்கள் காசு தர மாட்டார்கள், இனிமேல் லயத்துச் சமையல் வீடியோவே போடலாம் என்று. மாஸ்டரின் கேள்விக்குப் பிறகுதான் நாள் நாளாகப் பிரித்துப் பார்த்தோம்.

முதல் மூன்று நாள் எல்லாம் பச்சை. 4,000 பார்வை, 2.40 டொலர். ஆயிரத்துக்கு 0.60, வழக்கமான அளவு.

நாலாம் நாள் டொலர் குறி மஞ்சளாகிவிட்டது. பக்கத்தில் Limited or no ads என்று இருந்தது. பெரும்பாலான விளம்பரக்காரர்களுக்கு இந்த வீடியோ பொருந்தாது என்று தானியங்கிப் பரிசோதனை நினைத்திருக்கிறது. எந்தக் காட்சி என்று சொல்லவில்லை. காமன் எரிகிற நெருப்பைத்தான் முகப்புப் படமாக வைத்திருந்தோம், அதுவாக இருக்கலாம் என்பது எங்க ஊகம். மனிதர் ஒருவர் பார்க்கட்டும் என்று கேட்டோம், ஒன்பதாம் நாள் பச்சைக்குத் திரும்பியது. அந்த ஆறு நாளில் 9,000 பார்வை, 0.90 டொலர். புது வீடியோவைக் கூட்டமாகப் பார்ப்பது முதல் வாரத்தில்தான். மஞ்சள் பிறகு போனாலும் அந்த வாரத்துக் காசு திரும்பி வராது.

பத்தாம் நாள் கொப்பிரைட் கிளெய்ம். இதில் நாங்க யாரையும் திட்ட முடியாது. மன்மதன் ஊர்வலக் காட்சியில் பின்னால் கோயில் ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. 48 செக்கன். தப்புச் சத்தத்துக்கு அடியில் எங்க காதுக்கே சரியாகக் கேட்காத பாட்டை கண்டென்ட் ஐடி பிடித்துவிட்டது. பாட்டுக் கம்பனிகள் தங்கள் பாட்டுகளை முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும், ஏறுகிற ஒவ்வொரு வீடியோவையும் அது ஒப்பிடும். பொருந்தினால் என்ன செய்வது என்பதை உரிமைக்காரர் தீர்மானித்து வைத்திருப்பார்: தடுக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கண்காணிக்கலாம். எடுத்துக்கொள்வது என்றால் 48 செக்கனுக்கான பங்கு இல்லை, 31 நிமிஷத்தின் விளம்பரக் காசு முழுக்க.

மின்னஞ்சல் வந்தது கொழும்பில் வேலை செய்கிற எங்க ஆளின் கணக்குக்கு. அவன் கவனிக்கவில்லை. வீடியோ இங்கே வழக்கம்போல ஓடியது, பார்வை ஏறியது, ஆகவே எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை. பத்திலிருந்து முப்பதாம் நாள் வரை 25,000 பார்வை. எங்க கணக்கில் 0.

இதைவிடக் கொடுமை பார்வை எண்ணிக்கையில் இருந்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கேயிருந்து போன சனம் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் நிறையப் பேர். அவர்கள் பார்ப்பார்கள் என்றுதான் நாங்க ஆசைப்பட்டதே. முதல் வாரத்தில் இந்தியாவிலிருந்து நாளுக்கு 400 பார்வை வந்தது. பிறகு நின்றுபோனது. ஆர்வம் போய்விட்டது என்று நினைத்தோம். கூடலூரில் இருக்கிற சித்தி ஒருத்தர் கூப்பிட்டு, "என்னப்பா, உங்க கூத்து எங்க நாட்டுல ஓடாதுன்னு வருது"ன்னு சொன்னபோதுதான் மின்னஞ்சலைத் தேடிப் படித்தோம். ஒரே கிளெய்முக்கு நாட்டுக்கு நாடு வேறு விதி இருக்க முடியும். இலங்கையில் ஓடவிட்டு வருமானம் எடுத்த அதே உரிமைக்காரர் இந்தியாவில் தடுத்து வைத்திருந்தார்.

நாடுவாரி வரைபடத்தை முதலிலேயே திறந்திருந்தால் அது எங்களுக்கே தெரிந்திருக்கும். ஆர்வம் குறைந்தால் கோடு மெதுவாகச் சரியும், 400, 330, 250 என்று. தடுத்தால் சரிவே இருக்காது. இன்றைக்கு 400, நாளைக்கு 0.

கிளெய்மை எதிர்த்து வாதாடலாமா என்று எங்களுக்குள் சண்டை. பிழையான கிளெய்ம் என்றால் வாதாடத்தான் வேண்டும். கிளெய்ம் விழுந்து ஐந்து நாளுக்குள் செய்தால் முதல் நாளிலிருந்தே வருமானத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள், தாமதித்தால் வாதாடிய நாளிலிருந்துதான். அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். ஆனால் எங்க வீடியோவில் பாட்டு உண்மையாகவே இருக்கிறது. இல்லை என்று எழுத எங்களுக்கு மனசு வரவில்லை. சனல் போய்விடும் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். அது ஸ்ட்ரைக் விழுந்தால் வரவேண்டிய பயம், கிளெய்ம் வேறு.

பாட்டை மட்டும் அழித்துப் பார்த்தோம், சரிவரவில்லை. கடைசியில் அந்த 48 செக்கனை முழுக்க ஊமையாக்கினோம். கிளெய்ம் நீங்கியது, இந்தியாவும் திறந்தது. ஆனால் பாட்டோடு தப்புச் சத்தமும் போய்விட்டது. மன்மதன் இப்போது ஊர்வலத்தில் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டு போகிறான், பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. கடைசி முப்பது நாளில் 10,000 பார்வை, 5.80 டொலர்.

இப்போது கூட்டிப் பார்த்தால், பச்சையாகவும் எங்களுடையதாகவும் இருந்த பார்வை 14,000 மட்டுமே. அதற்கு 8.20 டொலர், ஆயிரத்துக்கு 0.59. அதாவது கூத்து மற்ற வீடியோக்களுக்குச் சளைக்கவே இல்லை. RPM காசு வராத பார்வைகளையும் சேர்த்துத்தான் வகுக்கும், அதனால்தான் 0.19. இசை நிறைந்த வீடியோவுக்கு மொத்த RPM-ஐப் பார்த்து "சனத்துக்குப் பிடிக்கல" என்று சொல்வது, துண்டைப் பார்த்து "இவள் கொழுந்தே பறிக்கல" என்று சொல்வது மாதிரி.

'எஞ்சாயி எஞ்சாமி' இங்கே எல்லா லயத்திலும் ஓடிய பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதால் எங்களுக்கு அது சொந்தப் பாட்டு. 2021 மார்ச்சில் வந்து கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது. மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், தங்களுக்கு அதிலிருந்து ஒரு பைசாவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் வேறு விளக்கம் தந்தது. அந்தக் கதை ஒப்பந்தம் சம்பந்தப்பட்டது, எங்களுடையது ஒலிபெருக்கி சம்பந்தப்பட்டது. ஆனாலும் பார்வை எண் பாடினவர் கைக்கு வரும் காசைச் சொல்லாது என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

போன ஞாயிறு ஒரு தாளில் நாலு வரியாக எழுதிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். 48,000-மும் பச்சையாக இருந்திருந்தால் 28 டொலர் சொச்சம், ஏறக்குறைய 8,500 ரூபா. பாதி 4,250. எங்க கையிலிருந்து போட்டு அதையே கொடுத்தோம், பாட்டு ஓடும்போது படம் பிடித்தது எங்க பிழை என்பதால்.

மாஸ்டர் காசை எண்ணி மடித்து வைத்தார். தாளைத் திரும்பவும் வாங்கி, மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"அடுத்த மாசி ஸ்பீக்கர்காரன்ட்ட நான் பேசுறேன். நீங்க தப்புக்கிட்ட தனியா ஒரு மைக் வைங்க."