ராஜினாமாவின் இரண்டாவது பக்கம்

வேலைக்கு விண்ணப்பம் எழுத யாரும் சொல்லிக் கொடுப்பார்கள். விலகும்போது என்ன எழுதுவது என்று சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் கிடையாது. ஒன்பது வருஷம் ஒரு தனியார் பல் கிளினிக்கில் உதவியாளராக இருந்தேன். 2023-இல் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாய், தாடை அறுவை சிகிச்சைப் பிரிவில் இடம் கிடைத்தது. கிளினிக்கில் இரவு ஒன்பது வரை வேலை. குழந்தைகள் படிக்கிற நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்துவிடும்.

“உடம்பு சரியில்லேன்னு எழுதிடும்மா. டாக்டரம்மா மனசு நோகாது” என்றார் என் மாமியார். எனக்கு அது சரிப்படவில்லை. புது இடத்தில் அனுபவச் சான்றிதழும் விடுவிப்புக் கடிதமும் கேட்டிருந்தார்கள். அதைத் தரப்போகிறவரிடமே பொய் சொல்வானேன்?

முதல் பக்கத்தில் நாலே விஷயம் எழுதினேன். இன்ன ஆஸ்பத்திரியில் இன்ன பிரிவில் சேருகிறேன். சேரும்போது பேசியபடி ஒரு மாத அவகாசம் தருகிறேன். ஜூன் 1-ஆம் தேதியிட்ட இந்தக் கடிதப்படி ஜூன் 30 என் கடைசி வேலை நாள். சேர்ந்த தேதியும் செய்த வேலைகளும் குறிப்பிட்டுச் சான்றிதழ் வேண்டும். ஜூலை 3 திங்கட்கிழமை நான் புது இடத்தில் இருக்க வேண்டும் என்பதால் தேதிகளில் குழப்பமே கூடாது.

இரண்டாவது பக்கத்துக்குத்தான் மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறவர்கள் அப்போது ஏழு பேர். இந்தச் சிகிச்சையில் பல்லின் வேருக்குள்ளே சுத்தம் செய்து, பல சமயம் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். வலி போய்விடும். அங்கேதான் ஆபத்து. வலி போனதும் ‘சரியாப் போச்சு’ என்று பலர் வராமல் இருந்துவிடுவார்கள். அந்த அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். தேய்ந்தால் ஓரத்தில் எச்சில் கசிந்து கிருமி மறுபடி உள்ளே போய்விடும். பல்லும் உள்ளீடு இல்லாமல் இருப்பதால் ஒரு முறுக்கைக் கடித்தால்கூடப் பிளந்துபோகலாம்.

இவர்களுக்கெல்லாம் போன் பண்ணி வரவழைப்பது என் வேலை. எந்தப் பல், என்ன மருந்து, வைத்த தேதி, அடுத்து வரவேண்டிய தேதி, போன் நம்பர் என்று ஏழு பேருக்கும் ஏழு வரி எழுதினேன். அதில் ஒரு டீச்சரம்மா. கீழ் வலது கடைவாய்ப்பல். அவர் வரவேண்டிய நாள் ஜூலை 4. நான் போன பிறகு! அந்த வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன்.

அடுத்தது கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கிற ஆட்டோகிளேவ். எங்கள் மெஷினுக்கு 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 20 நிமிஷம் என்று கணக்கு. ஸ்விட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணக்கூடாது. முள் 15-க்கு வந்த பிறகுதான் எண்ண வேண்டும். குக்கரில் விசில் வந்த பிறகு அடுப்பைக் குறைத்து நேரம் பார்ப்பதில்லையா, அதுபோல. கதவு ரப்பர் தளர்ந்திருந்ததையும் எழுதினேன். பையின் மேலுள்ள அடையாளப் பட்டை முழுக்க நிறம் மாறாவிட்டாலோ, பை ஈரமாக வெளியே வந்தாலோ அந்தக் கருவியை வாயில் வைக்கவே கூடாது, மறுபடி போட வேண்டும் என்றும் சேர்த்தேன்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, நோயாளிகள் போன பிறகு கொடுத்தேன். டாக்டரம்மா முதல் பக்கத்தைப் படித்து முகம் வாடினார். “ஒரு மாசத்துல ஆளுக்கு எங்கம்மா போவேன்?” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டாவது பக்கத்தை மெதுவாகப் படித்துவிட்டு, “ரப்பரை இந்த வாரமே மாத்திடறேன். புதுசா வர்ற பொண்ணு பதினைஞ்சு நாளாவது உன்கூட இருக்கட்டும்” என்றார். என் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தந்தார். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் அதை வாங்கி வைப்பது நல்லது; ஒரு மாதம் எந்தத் தேதியிலிருந்து என்ற பேச்சே பிறகு எழாது.

டீச்சரம்மா ஜூலை 4 அன்று வந்தார், வேர்களை நிரப்பி அடைத்தாயிற்று, அப்புறம் உறையும் போட்டாயிற்று என்று அந்தப் பெண்ணே போனில் சொன்னாள்.

வாசக சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது வேர் சிகிச்சை பாதியில் இருந்தால் அடுத்த தேதியை நீங்களே காலண்டரில் குறித்து வையுங்கள். கிளினிக்கிலிருந்து கூப்பிடுவார்கள் என்று இருக்க வேண்டாம். கூப்பிடுகிற பெண் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். அடைத்த இடம் நாக்குக்குப் பள்ளமாகத் தட்டுப்பட்டாலும், கடித்தால் வலித்தாலும், ஈறில் சின்னக் கொப்புளம் தெரிந்தாலும் அந்தத் தேதிவரைகூடக் காத்திருக்காதீர்கள்.