பெயருக்குப் பின்னால் எதையும் கேட்காத வரவேற்பு

இந்தியாவில் அறிமுகமற்ற இருவர் சந்தித்தால் உரையாடல் பெரும்பாலும் மூன்று கேள்விகளில் தொடங்குகிறது: எந்த ஊர், என்ன வேலை, முழுப்பெயர் என்ன? பரிவோடு கேட்கப்பட்டாலும் இவை சாதியையும் வர்க்கத்தையும் அளக்கும் கோல்களே. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தின் வாசலில் புதியவரை வரவேற்கும் உறுப்பினர் முதலில் கைவிட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயோடு போராடிய இருவரின் சந்திப்பிலிருந்து தோன்றிய அமைப்பு இது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே இதில் சேர்வதற்கான தகுதி. ஆகவே வாசலில் விசாரித்து அறிய வேண்டியது எதுவுமில்லை.

மும்பையில் ஒரு பள்ளி வகுப்பறையில் மாலைக் கூட்டம் நடப்பதாகக் கொள்வோம். வங்கி ஊழியர் ஒருவர் முதன்முறையாக வந்து கதவருகே தயங்கி நிற்கிறார். வரவேற்பவர் தம் முதற்பெயரை மட்டும் சொல்லி, தாமும் குடிநோயாளியே என்கிறார். இந்த வரிசையில்தான் வரவேற்பின் சூட்சுமம் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் ஏறப்போவதாக அஞ்சி வந்தவர், தம்மை விசாரிக்க வேண்டியவரே முதலில் ஒப்புக்கொள்வதைக் கேட்கிறார். பிறகு நடக்கவிருப்பதை வரவேற்பவர் விளக்குகிறார்: ஒவ்வொருவரும் தம் அனுபவத்தை மட்டும் சொல்வர், எவரும் குறுக்கிட்டு அறிவுரை கூறார், புதியவர் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, சுற்றிவரும் காணிக்கைத் தட்டில் பணம் போட வேண்டியதும் இல்லை.

வரவேற்பு பிழைபடுவது பெரும்பாலும் அளவுமீறிய அன்பால். நால்வர் சூழ்ந்துகொண்டு, எவ்வளவு குடிப்பார், மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். "உங்களைப் பார்த்தால் குடிப்பவராகவே தெரியவில்லை" என்ற பாராட்டும் தீர்ப்புத்தான். குடிப்பவருக்கென ஒரு முகம் உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. சுருக்கமாகப் பதில் சொல்வதும், கதவுக்கு மிக அருகில் அமர்வதும், தேநீர் வேளையில் சொல்லாமல் வெளியேறுவதும் நெருக்கடி மிகுந்துவிட்டதன் அடையாளங்கள்.

வரவேற்புக்கு எல்லையும் உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாள்களில் நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை நேரலாம். வந்தவரின் கைகள் கடுமையாக நடுங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ அவருக்கு முதலில் தேவை மருத்துவர். நாற்காலியும் தேநீரும் பிறகு.

கூட்டம் முடிந்ததும் வரவேற்றவர் தம் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுக்கிறார். அவருடைய எண்ணைக் கேட்பதில்லை. மறுநாள் அதே வங்கியின் கவுன்டரில் அவரைக் காண நேர்ந்தாலும், அவராக அறிமுகம் காட்டும்வரை முன்பின் அறியாத வாடிக்கையாளராகவே நிற்கிறார். முந்தைய மாலை வாசலில் தொடங்கிய வரவேற்பு அந்த மௌனத்திலும் தொடர்கிறது.