ஒட்டாத எலும்பு: முயன்று தோற்றதா, முயலவே இல்லையா?

போன வருடம் எங்கள் குடும்பத்தில் இரண்டு எலும்புகள் முறிந்தன. ஜனவரியில் ரொறன்ரோவில், டிரைவ்வேயில் உறைந்திருந்த ஐஸில் வழுக்கி விழுந்து அண்ணாவின் கால். மே மாதம், பார்க்கில் மங்கி பாரில் தொங்கி விளையாடும்போது விழுந்து என் ஆறு வயது மகளின் மணிக்கட்டு. மகளுக்கு மூன்று வாரம் ஸ்ப்ளின்ட் போட்டார்கள், அதோடு சரி. அண்ணாவின் கால் ஒக்டோபர் வந்தும் ஒட்டவில்லை.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம். "கல்சியம் காணாது" என்று அம்மா ஆட்டெலும்பு சூப் வைத்தார். "கம்பி சரியா வைக்கேல்லை" என்றார் மாமா. அண்ணாவோடு ஒவ்வொரு அப்பொயின்ட்மென்ட்டுக்கும் போய் வந்தவன் நான். சர்ஜன் கணினித் திரையில் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கியதைக் கேட்ட பிறகுதான், "ஒட்டவில்லை" என்பது ஒரே பிரச்சினை இல்லை என்று விளங்கியது.

முதலில், எலும்பு எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்போம். முறிந்தவுடன் அந்த இடத்தில் இரத்தம் கட்டும், வீங்கும். முதல் வாரம் இதுதான் நடக்கும். வீக்கம் வீண் தொல்லை மாதிரித் தெரிந்தாலும், புது இரத்தக் குழாய்களையும் எலும்பு கட்டும் செல்களையும் அங்கே கூப்பிடுவதே அதுதான். இரண்டு, மூன்று வாரத்தில் முறிவைச் சுற்றி ரப்பர் போன்ற ஒரு மென்மையான பிணைப்பு உருவாகும். டொக்டர்மார் இதைக் கலஸ் என்பார்கள். இது பெரும்பாலும் குருத்தெலும்பு, சுண்ணாம்புச் சத்து இன்னும் படியவில்லை. அதனால் எக்ஸ்ரேயில் தெரியாது. "மூன்று வாரம் ஆச்சு, படத்தில ஒண்டுமே இல்லை" என்று பயப்படத் தேவையில்லை என்பது இதனால்தான். அதற்குப் பிறகு வரும் வாரங்களில் கலஸ் இறுகி உண்மையான எலும்பாகும். கடைசிக் கட்டத்தில், புடைத்து நிற்கும் அந்த எலும்பை உடல் மெல்ல மெல்லச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். அதற்கு மாதங்கள், சில வேளை வருடங்கள் எடுக்கும்.

பிள்ளைகளுக்கு எலும்பைச் சுற்றியுள்ள உறை தடிப்பானது, இரத்த ஓட்டமும் அதிகம். மகளுக்கு எலும்பின் ஒரு பக்கம் நசுங்கியிருந்ததே தவிர, இரண்டாகப் பிரியவில்லை. அதனால்தான் மூன்று வாரம் போதுமாக இருந்தது.

அண்ணாவுக்கு முறிந்தது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் உள்ள பெரிய எலும்பு, டிபியா. கையை வைத்துப் பாருங்கள், முன்பக்கம் தோலுக்குக் கீழே உடனே எலும்புதான். சுற்றி நல்ல தசை இல்லாததால் இரத்த ஓட்டம் குறைவு. ஒட்டாமல் போகும் எலும்புகளில் இது அடிக்கடி வருவதற்கு அது ஒரு காரணம். அடுத்த நாளே எலும்பின் உள்ளே, மஜ்ஜை இருக்கும் குழாய்க்குள் 10 மில்லிமீட்டர் தடிப்பான கம்பியை இறக்கி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டார்கள்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் முறிவின் இரு பக்கமும் கலஸ் தெரிந்தது. ஆனால் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. ஆறாம் மாதமும் அதே கோடு, காலை ஊன்றினால் நோவு. சர்ஜன் பார்த்த முறை எளிமையானது: முன்பக்கமிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். இரண்டிலும் சேர்த்து எலும்பின் நான்கு ஓரங்கள் தெரியும். அவற்றில் மூன்றிலாவது கலஸ் பாலம் போல் கடந்திருந்தால் ஒட்டிவிட்டது என்று எடுப்பார்கள். அண்ணாவுக்கு ஒன்றுதான் கடந்திருந்தது. ஒன்பது மாதம் ஆகியும், கடைசி மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லை என்றால் அதை நொன்யூனியன் என்று சொல்வது வழக்கம். ஒக்டோபரில் அந்தப் பெயர் வந்தது.

அதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வி: எலும்பு முயன்று தோற்றதா, முயலவே இல்லையா? 1976இல் வெபர், செக் என்ற இருவர் எழுதிய நூலில் இருந்து வந்த பிரிவு இது. முறிவின் இரு முனைகளும் யானைக்கால் மாதிரி அகன்று, கலஸ் நிறைய இருந்தும் நடுவில் கோடு நின்றால், உயிரோட்டம் நன்றாகவே இருக்கிறது, குறை ஆட்டத்தில். முனைகள் பென்சில் மாதிரி ஒடுங்கி, கலஸே இல்லாமல் இருந்தால் குறை உயிரோட்டத்தில். இடைப்பட்டவையும் உண்டு.

ஆட்டம் ஏன் தடுக்கிறது என்பது எனக்கு எஞ்சினியரிங் பாடம் மாதிரி இருந்தது. முறிவின் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முனைகள் 0.5 மில்லிமீட்டர் அசைந்தால், நடுவில் உள்ள திசு 50 சதவீதம் இழுபடுகிறது. முதலில் வரும் மென்மையான திசு இதைத் தாங்கும். குருத்தெலும்பு ஏறக்குறைய 10 சதவீதம்தான் தாங்கும், எலும்பு 2 சதவீதம்தான். ஆகவே எலும்பு அங்கே உருவாகவே முடியாது. உடல் முனைகளை அகலமாக்கி ஆட்டத்தைக் குறைக்கப் பார்க்கும், அதுதான் அந்த யானைக்கால் வடிவம்.

அண்ணாவின் சிடி ஸ்கேனில் தெரிந்தது அதுவேதான். ஆனாலும் உடனே முடிவெடுக்கவில்லை. உள்ளே மெதுவாக ஓடும் கிருமித் தொற்றும் ஒட்டாமைக்குக் காரணமாகலாம், வெளியே காய்ச்சலோ சீழோ தெரியாமலே இருக்கலாம். இரத்தத்தில் சிஆர்பி, ஈஎஸ்ஆர் பார்த்தார்கள், இரண்டும் சரி. இவை சரியாக இருந்தாலும் தொற்று இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதால், ஒப்பரேஷனின்போது உள்ளிருந்து பல மாதிரிகள் எடுத்து லாபுக்கு அனுப்பினார்கள். அதிலும் கிருமி வரவில்லை. வந்திருந்தால் வேறு பாதை: முதலில் தொற்றை ஒழித்து, பிறகுதான் எலும்பு.

சிகிச்சை பழைய கம்பியை எடுத்து, உள்குழாயைக் கொஞ்சம் குடைந்து, 12 மில்லிமீட்டர் கம்பி போடுவது. தடித்த கம்பி ஆட்டத்தை நிறுத்தும், குடைந்த எலும்புத் தூள் முறிவுக்கே உரமாகும். நடுவில் இருந்த திசுவை வெட்டி எடுக்கவில்லை. ஆட்டம் நின்றால் அதுவே எலும்பாகும். கலஸ் இல்லாத வகையாக இருந்திருந்தால் தடித்த கம்பி மட்டும் போதாமல் போயிருக்கும். இடுப்பெலும்பில் இருந்து சொந்த எலும்பை எடுத்து அங்கே வைக்க வேண்டி வந்திருக்கும்.

அம்மாவின் சூப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்சியத்தை விட அண்ணாவிடம் குறைவாக இருந்தது விட்டமின் டி. எங்கள் தோல் நிறத்துக்கும் இங்குள்ள குளிர்காலத்துக்கும் அது வெகு சாதாரணம். சோதித்து மருந்து கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம் சிகரெட். நிக்கொட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கும், புகைப்பவர்களுக்கு டிபியா ஒட்டப் பிந்தும். "முதலில் இதை நிப்பாட்டுங்கோ, பிறகு திகதி தாறன்" என்றார் சர்ஜன். அண்ணா நிறுத்தினார். நீரிழிவு உள்ளவர்களுக்கு சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் இதே வரிசையில்தான் வரும்.

இந்த வருடம் பெப்ரவரியில் எடுத்த படத்தில் மூன்று ஓரங்கள் கடந்திருந்தன.

உங்கள் அப்பா அம்மாவுக்கோ உங்களுக்கோ நீளமான எலும்பு முறிந்து, மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகும் ஊன்றும்போது அதே இடத்தில் நொந்தால், "ஒட்டிட்டுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை ஓரங்களில் பாலம் வந்திருக்கிறது, போன படத்தை விட மாற்றம் உண்டா, கலஸ் இருக்கிறதா இல்லையா, தொற்று பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அடுத்து கம்பியை மாற்றுவதா, எலும்பு வைப்பதா, இன்னும் பொறுப்பதா என்பதை அந்தப் பதில்கள்தான் தீர்மானிக்கும்.