நீட் மசோதாவை நிறுத்தியது கோர்ட்டா?

உடையார்பாளையத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள், மீதிப்பேர் பிளஸ் டூ. அரசியலமைப்புப் பாடம் எல்லாருக்கும் மனப்பாடம். சட்டம் இயற்றுவது சட்டமன்றம், அமல்படுத்துவது நிர்வாகம், தீர்ப்பளிப்பது நீதித்துறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் குழுமூர் அனிதாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அதே பிள்ளைகள், "சட்டமன்றம் நீட் வேணாம்னு சட்டம் போட்டுச்சு, சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு" என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று தவறுகள் இருக்கின்றன. சட்டமன்றம் போட்டது சட்டமே இல்லை. சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்யவும் இல்லை. தள்ளியவர்கள் யார் என்பது வாக்கியத்திலேயே வரவில்லை.

அனிதா எங்கள் அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டத்தைச் சேர்ந்தவர். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. பழைய முறைப்படி மருத்துவ கட்-ஆஃப் 196.75. நீட்டில் 720-க்கு 86. 2017 செப்டம்பர் 1 அன்று அந்தப் பெண்ணை இழந்தோம். அந்த ஆண்டு நடந்ததை மாதவாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு தாளிலும் யார் கையெழுத்து என்று பார்த்தால் போதும். பாடப்புத்தகத்தின் மூன்று பெட்டிகளும் எங்கே ஒன்றோடொன்று உரசுகின்றன என்று புரியும்.

2017 பிப்ரவரி 1. தமிழ்நாடு சட்டமன்றம் இரண்டு மசோதாக்களை ஒருமனதாக நிறைவேற்றியது. ஒன்று எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்க்கைக்கு, இன்னொன்று மேற்படிப்புக்கு. மாணவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். எம்.எல்.ஏ.க்கள் கை தூக்கியவுடன் சட்டம் வந்துவிட்டது என்று நினைக்கிறோம். அரசியலமைப்பின் 168-ஆம் பிரிவில் மாநிலச் சட்டமன்றம் என்றால் ஆளுநரும் பேரவையும் சேர்ந்தது. ஒப்புதல் கிடைக்கும் வரை அது மசோதாதான். இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. மருத்துவக் கல்வி பொதுப்பட்டியலில் வருகிறது. நாடாளுமன்றம் 2016-லேயே இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தைத் திருத்தி நீட்டைக் கொண்டுவந்துவிட்டது. பொதுப்பட்டியலில் ஒன்றியச் சட்டத்துக்கு முரணாக மாநிலம் சட்டம் செய்தால், 254-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால்தான் அது இந்த மாநிலத்தில் செல்லும். ஆகவே மசோதாக்கள் டெல்லிக்குப் போயின.

இங்கே வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "குடியரசுத் தலைவர் முப்படைத் தளபதி, எந்தக் கட்சியும் இல்லை, நடுநிலையானவர். அவர் எப்படி மறுப்பார்?" பதவியை வைத்துப் பார்த்தால் கேள்வி நியாயம்தான். ஆனால் 74-ஆம் பிரிவின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்படுகிறார். கையெழுத்து அவருடையது, முடிவு ஒன்றிய அமைச்சரவையுடையது. 'குடியரசுத் தலைவர் நிறுத்திவைத்தார்' என்று பேப்பரில் வரும்போது, ஒன்றிய அரசு, அதாவது நிர்வாகம் நிறுத்திவைத்தது என்று படித்துக்கொள்ள வேண்டும். நாடாளுமன்ற முறையை மனப்பாடம் செய்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மசோதா டெல்லியில் கிடந்த அந்த மாதங்களில் மாநில அரசு வேறு வழியில் போனது. ஜூன் 22 அன்று ஓர் அரசாணை. மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 85 சதவிகிதம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு, 15 சதவிகிதம் மற்றவர்களுக்கு. அரசாணை சட்டமன்றத்துக்குப் போகாது. அது நிர்வாகத்தின் ஆணை, துறைச் செயலாளர் கையெழுத்தில் வரும். ஒரே நாளில் போடலாம் என்பது அதன் பலம். அதே வேகத்தில் நீதிமன்றம் அதை உடைக்கலாம் என்பது பலவீனம். அப்படியே நடந்தது. சி.பி.எஸ்.இ. மாணவர் தரப்பு வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் ஜூலை 14 அன்று அந்த ஆணையை ரத்து செய்தது. இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. கோர்ட் ரத்து செய்தது இந்த அரசாணையைத்தான். மசோதாவை இல்லை. ஊரில் எல்லாரும் இரண்டையும் சேர்த்துப் பேசுவதால்தான் 'கோர்ட் சட்டத்தை அடித்துவிட்டது' என்ற கதை பிறந்தது.

ஆகஸ்டில் மூன்றாவது வழி. ஓராண்டுக்கு மட்டும் விலக்கு தரும் அவசரச் சட்டம் கொண்டுவந்தால் உதவுவோம் என்று ஒன்றிய அமைச்சர் ஒருவரே பேசினார். சட்டமன்றம் கூடாத நேரத்தில் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம், நிர்வாகம் கடனாக எடுத்துக்கொள்கிற சட்டமியற்றும் அதிகாரம். ஆனால் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்றால் இதற்கும் முன்கூட்டியே டெல்லியின் அறிவுறுத்தல் வேண்டும். வரைவு போனது. நம்பிக்கையும் வந்தது. ஏனென்றால் முந்தைய ஆண்டு, 2016 மே மாதம், ஒன்றிய அரசே அவசரச் சட்டம் போட்டு மாநிலங்களுக்கு ஓராண்டு விலக்கு கொடுத்திருந்தது. போன வருஷம் முடிந்தது இந்த வருஷம் முடியாதா?

2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தில், தமிழ்நாட்டின் அவசரச் சட்டத்துக்குத் தாங்கள் உடன்படவில்லை என்று ஒன்றிய அரசின் வழக்கறிஞர் சொன்னார். அதன் பிறகு நீதிமன்றம், நீட் தரவரிசைப்படி கலந்தாய்வைத் தொடங்கி செப்டம்பர் 4-க்குள் முடிக்கும்படி உத்தரவிட்டது. அனிதாவும் அந்த வழக்கில் தன்னைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அன்று கோர்ட் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கையில் இருந்த சட்டம் ஒன்றுதான், 2016-இன் ஒன்றியத் திருத்தம். மாநில மசோதா சட்டமாகவில்லை. அவசரச் சட்டம் பிறக்கவேயில்லை. பிறக்காத சட்டத்தை எந்த நீதிமன்றமும் ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. நீதிபதிகள் இன்னும் காத்திருந்திருக்கலாம், கிராமத்துப் பிள்ளைகளின் நிலையை இன்னும் கேட்டிருக்கலாம் என்று விமர்சிக்கலாம். நாங்களும் விமர்சிக்கிறோம். அது வேறு விமர்சனம்.

பெரிய விஷயம் பிறகுதான் வெளிவந்தது. அந்த இரண்டு மசோதாக்களும் என்ன ஆயின என்று மாநிலத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்கள் சொல்லவில்லை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விசாரணையின்போது ஒன்றிய உள்துறை சொன்னது: 2017 செப்டம்பரிலேயே ஒப்புதல் நிறுத்திவைக்கப்பட்டு மசோதாக்கள் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. அதாவது அனிதா இறந்த அதே மாதத்தில், அவர் இறந்த பிறகு. அவர் கோர்ட் படியேறியபோது மசோதா உயிரோடு டெல்லி மேசையில் இருந்தது. ஏழு மாதம் முடிவு சொல்லாமல் இருந்தது நிர்வாகம். பேப்பர் தலைப்பில் நின்றது கோர்ட். அலுவலகத்தில் கிடக்கிற கோப்பை யாரும் படம் எடுப்பதில்லை, தீர்ப்பு நாளில் மட்டும் கேமரா வருகிறது.

இந்தக் குழப்பத்துக்கு நம் ஊரிலேயே வேர் இருக்கிறது. நம் தெருப் பையன்கள் மேல், 2024 வரை 107 என்று இருந்த பிரிவைப் போட்டால் 'ஆர்.டி.ஓ. கோர்ட்டுக்குப் போனோம்' என்கிறோம். அங்கே உட்கார்ந்திருப்பவர் வருவாய்த் துறை அதிகாரி, அந்த நேரத்துக்கு நிர்வாக நடுவர். ஜாமீன் கேட்கப் போகிற நீதித்துறை நடுவர் வேறு ஆள், உயர் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர். மேசையும் டவாலியும் ஒரே மாதிரி இருந்தால் எல்லாம் கோர்ட் என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. அதேபோல அமைச்சர் ஒரே நேரத்தில் எம்.எல்.ஏ.வும்தான். காலையில் பேரவையில் மசோதாவுக்கு ஓட்டுப் போடுகிறவர் மாலையில் அரசாணைக் கோப்பில் குறிப்பு எழுதுகிறார். நாடாளுமன்ற முறையில் ஆள் ஒருவர், வேலை இரண்டு. ஆளைப் பார்த்தால் குழம்புவோம். தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும்: சட்ட முன்வடிவா, அரசாணையா, ரிட் மனுவில் வந்த உத்தரவா.

தாளைப் படிக்கும்போதும் ஒரு கண்ணி உண்டு. எந்த அரசாணையின் கீழும் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று இருக்கும். ஆளுநர் அந்தக் கோப்பைக் கண்ணால் பார்த்திருக்கக்கூட மாட்டார். நிர்வாக ஆணைகள் எல்லாம் அவர் பெயரில் வரவேண்டும் என்பது 166-ஆம் பிரிவு. இது எவ்வளவு வேடிக்கையாக முடியும் என்பதை 2020-இல் பார்த்தோம். நீட் எழுதிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு தரும் மசோதாவை செப்டம்பர் 15 அன்று சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் கையெழுத்திடவில்லை, அவகாசம் வேண்டும் என்றார். கலந்தாய்வு நெருங்கியது. அக்டோபர் 29 அன்று அரசு 162-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, அதே ஒதுக்கீட்டை அரசாணையாகவே போட்டுவிட்டது. ஆளுநரின் மேசையில் கிடந்த விஷயம் ஆளுநரின் பெயராலேயே வெளியே வந்தது! மறுநாள் மசோதாவுக்கும் ஒப்புதல் கிடைத்தது.

2017-இல் உடைந்த அரசாணையும் 2020-இல் நின்ற அரசாணையும் ஏன் வேறுவேறாக முடிந்தன? பிள்ளைகளோடு சேர்ந்து இதில் வெகுநேரம் பேசினோம். முதலாவது, எந்தப் பாடத்திட்டம் என்று பார்த்துப் பிரித்தது. அதற்குப் பின்னால் மாநிலச் சட்டமும் இல்லை. இரண்டாவதுக்கு முன்பு நீதிபதி கலையரசன் குழு அரசுப் பள்ளி மாணவர்களின் நிலையை ஆராய்ந்து 10 சதவிகிதம் பரிந்துரைத்திருந்தது. அரசு 7.5 எடுத்துக்கொண்டது. நீட்டையும் அது எதிர்க்கவில்லை. நீட் தேறியவர்களுக்குள்ளேயே ஒரு பங்கைப் பிரித்ததால் ஒன்றியச் சட்டத்தோடு நேரடி மோதல் இல்லை, டெல்லிக்குப் போகவும் தேவையில்லை. அரசாணைக்கு மறுநாளே சட்டமும் வந்துவிட்டது. பிறகு வழக்கு போட்டார்கள். 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. மூன்று உறுப்புகளும் அவரவர் வேலையைச் செய்த அபூர்வமான வரிசை அது. ஆனால் நீட் அப்படியே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2021 செப்டம்பர் 13 அன்று சட்டமன்றம் மறுபடி நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். பிப்ரவரி 8 அன்று பேரவை இரண்டாம் முறை நிறைவேற்றியது. மசோதா டெல்லிக்குப் போனது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்ததாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். போன வாரம் இந்தத் தகவலை எழுதிவிட்டு, 'மறுத்த உறுப்பு எது?' என்று கீழே ஒரு கேள்வி கொடுத்தோம். பதினான்கு தாள்களில் ஒன்பது 'நீதித்துறை' என்று வந்தன. நான்கில் 'குடியரசுத் தலைவர்' என்று மட்டும் இருந்தது. பொன்பரப்பிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் மட்டும் 'ஒன்றிய அமைச்சரவை, அதாவது நிர்வாகம்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 74 என்று போட்டிருந்தாள்.