ஆவி பிடித்த கதை

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சின்ன மெஸ். புது மெனு கார்டுக்காக இட்லியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். இட்லி சுடச்சுடத்தான். படத்தில் மட்டும் முந்தாநாள் இட்லி!

"எதிர்க்கடை கார்டுல ஆவி பறக்குதே தம்பி" என்று அண்ணாச்சிக்குக் கவலை.

போட்டோகிராபர் ஃபேனை நிறுத்தினார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை ஆவி எங்கே தெரியும்? கரும்பச்சைத் துணியைத் தொங்கவிட்டார். ஜன்னல் வெளிச்சம் பின்பக்கவாட்டிலிருந்து விழும்படி தட்டைத் திருப்பினார். அப்படி விழுந்தால்தான் ஆவி மின்னுமாம்.

ஊஹூம், லேசாகத்தான் தெரிந்தது. ஆவி குளிர்ந்து நுண்துளியானால்தான் கண்ணுக்குத் தெரியும். மதுரை மத்தியான வெயிலில் அது சட்டென்று காய்ந்துவிடுகிறது.

"காலைல ஆறரைக்கு வச்சுக்குவோம்ணே."

மறுநாள் அந்தக் குளிர்ச்சியில், தட்டுக்குப் பின்னால் கொதிக்கும் வெந்நீர் டம்ளர் ஒன்றை ஒளித்துவைத்தார். ஐஸ் தண்ணீரில் கிடந்த மல்லித்தழையை உதறி, கடைசி நிமிஷத்தில் சட்னிமேல் வைத்தார். முன்னாடியே வைத்தால் ஆவியில் துவண்டுவிடும். க்ளிக்! ஆவி சுருள் சுருளாக விழுந்தது.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "இது டம்ளர் ஆவியாச்சே, கஸ்டமர் கேட்டா?"

"நீங்க சூடா போடுங்கண்ணே. ஒருத்தரும் கேக்கமாட்டாங்க!"